உம்மால் கட்டிய வீடு

யாழ்ப்பாணத்துப் பேப்பர்களில் வரும் மரண அறிவித்தலை ருசித்து வாசிப்பவர்கள் உண்டு. நானும் அவர்களில் ஒருவன். இதில் குரூரம் ஏதுமில்லை. அறுபது, எழுபது வருட வாழ்க்கையை நூற்றுச் சொச்சம் சொற்களில் அடக்க வேண்டும். அதுவும் செத்தவீட்டின் நடுவில், அழுகைக்கும் பந்தல்காரனுக்கும் இடையில், ஒரு மருமகனோ பெறாமகனோ கொப்பித் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதப்பட்டதில் இவ்வளவு நுணுக்கம் எப்படி வந்தது என்று ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கும். எழுதியவரின் திறமை பாதி. மீதி, பல தலைமுறைகள் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய அந்த வடிவத்தின் திறமை.

உண்மையானவர்களின் அறிவித்தலை இங்கே பிரித்துப் பார்ப்பது முறையல்ல. அதனால் ஒன்றை நானே கட்டுகிறேன். ஆட்கள் கற்பனை, அச்சு உண்மையானது.

"பலாலியைப் பிறப்பிடமாகவும், காங்கேசன்துறையை வசிப்பிடமாகவும், வண்ணார்பண்ணையைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட திருமதி கந்தையா நாகம்மா (பொன்னக்கா) அவர்கள் 12.03.2014 புதன்கிழமை காலமானார்.

அன்னார் காலஞ்சென்றவர்களான சின்னத்தம்பி – சின்னம்மா தம்பதிகளின் அன்பு மகளும், காலஞ்சென்ற முருகேசு மற்றும் தெய்வானை தம்பதிகளின் அன்பு மருமகளும், காலஞ்சென்ற கந்தையாவின் (முன்னாள் ஊழியர், காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை) அன்பு மனைவியும், சிவராணி (கனடா), காலஞ்சென்ற சிவகுமார், சிவநேசன், சிவமலர் (ஆசிரியை) ஆகியோரின் பாசமிகு தாயாரும், தில்லைநாதன் (கனடா), காந்திமதி, ஜெயசீலன் (கிராம உத்தியோகத்தர்) ஆகியோரின் அன்பு மாமியாரும், காலஞ்சென்ற செல்லத்துரை, அன்னம்மா ஆகியோரின் அன்புச் சகோதரியும், அபிராமி, ஆதவன், கவின் ஆகியோரின் அன்புப் பேர்த்தியும் ஆவார்.

அன்னாரின் இறுதிக் கிரியைகள் 16.03.2014 ஞாயிற்றுக்கிழமை மு.ப. 10 மணியளவில் அவரது இல்லத்தில் நடைபெற்று, பூதவுடல் தகனக் கிரியைக்காக கோம்பயன்மணல் இந்து மயானத்துக்கு எடுத்துச் செல்லப்படும். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: ஜெயசீலன் (மருமகன்)."

தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு குறிப்பு: எங்கள் பக்கத்தில் தாத்தாவைப் பேரன் என்றும் பாட்டியைப் பேத்தி, பேர்த்தி என்றும் சொல்வதுண்டு. கடைசியில் வரும் 'பேர்த்தி' பிழையில்லை.

முதலில் ஊர்கள். மூன்று ஊர், மூன்று விதமான இடம். பிறப்பிடம் எதற்கு? நாகம்மா கலியாணம் கட்டிக் காங்கேசன்துறைக்குப் போனவர். அங்கே அவரை எல்லாருக்கும் தெரிந்தது கந்தையாவின் மனைவியாக. பலாலியில் அவரோடு பள்ளிக்கூடம் போன கிழவிக்கோ கந்தையா யாரென்றே தெரியாது. அந்தக் கிழவி பேப்பரில் "பலாலி" என்ற சொல்லில் நிற்பார். பிறகு "சின்னத்தம்பி – சின்னம்மா தம்பதிகளின் மகள்" என்ற இடத்தில், "ஐயோ, எங்கட நாகம்மா" என்பார். ஆண்களின் அறிவித்தலில் பெற்றோர் வரி மரபுக்கு இருப்பதுபோலத் தோன்றும், ஏனென்றால் தகப்பன் பெயர் ஏற்கனவே பெயரின் முன்னால் நிற்கும். பெண்ணின் பெயருக்கு முன்னால் புருஷன் பெயர் வந்து உட்கார்ந்துவிடுவதால், அவள் யார் வீட்டுப் பிள்ளை என்பதைச் சொல்ல அந்த ஒரு வரிதான் இருக்கிறது. இட நெருக்கடியில் பெற்றோர் வரியை வெட்டிவிடும் குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். "அவர்கள் செத்து முப்பது வருஷம், இப்ப யாருக்குத் தெரியும்" என்பார்கள். பெண்ணின் பிறந்த ஊர் முழுவதையும் அந்த வெட்டில் செத்தவீட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டோம் என்பது அவர்களுக்குப் புரிவதில்லை.

மூன்றாவது ஊரின் முன்னால் நிற்கும் "தற்காலிக" என்பதைப் பாருங்கள். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து சனம் இடம்பெயர்ந்தது. 2014இலும் பலாலியின் பெரும்பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. இந்த அம்மா வண்ணார்பண்ணையில் இருபத்துநாலு வருடம் இருந்திருக்கிறார். பேரப்பிள்ளைகள் அந்த வீட்டில்தான் பிறந்திருப்பார்கள். ஆனாலும் அது தற்காலிகம். குடும்பம் இதை அரசியல் அறிக்கையாக எழுதவில்லை. வழக்கமாக நிரப்பும் இடத்தில் வழக்கமான சொல்லைப் போட்டார்கள், அவ்வளவுதான். குமுறலும் இல்லை, மிகையான அடைமொழியும் இல்லை. காணியின் மீதான உரிமை முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. மரண அறிவித்தலின் தொனி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவருக்கு நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

அடுத்து, அடைப்புக்குறிக்குள் இருக்கும் பொன்னக்கா. பதிவுப் பெயர் அடையாள அட்டைக்கு. ஊருக்குத் தெரிந்தது வேறு. வேலியால் கூப்பிட்ட பெயர், கடைக்காரர் கணக்குக் கொப்பியில் எழுதிய பெயர், அறுபது வருஷமாக அதுதான். அதைப் போடாத அறிவித்தல் சரியான விலாசம் எழுதாத கடிதம் மாதிரி, யாரிடமும் போய்ச் சேராது. சில குடும்பங்கள் பட்டப்பெயரைப் போடக் கூச்சப்படும். பிள்ளைகள் படித்து உத்தியோகத்துக்கு வந்தபின் தாயின் பெயர் மரியாதையாக இருக்கட்டும் என்று நினைப்பார்கள். பிறகு செத்தவீடு முடிந்த மூன்றாம் நாள் ஒருவர் படலையில் வந்து நின்று, "பேப்பரில பாத்தனான், அது பொன்னக்கா எண்டு தெரியேல்லை" என்பார்.

இனி இதன் அழகான பகுதி. "காலஞ்சென்றவர்களான சின்னத்தம்பி – சின்னம்மா" என்று ஒரு தம்பதி. "காலஞ்சென்ற முருகேசு மற்றும் தெய்வானை" என்று அடுத்த தம்பதி. அவசரமாக வாசிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதல் தம்பதியில் இருவரும் இல்லை. இரண்டாவதில் மாமனார் முருகேசு மட்டுமே போயிருக்கிறார். மாமி தெய்வானை இருக்கிறார், தொண்ணூறைத் தாண்டிய கிழவி, மருமகளின் செத்தவீட்டில் ஒரு மூலையில் இருத்தப்பட்டிருப்பார். பன்மை விகுதி ஒன்றும் "மற்றும்" ஒன்றும் இந்தச் செய்தியைச் சொல்லிவிடுகின்றன. இங்கேதான் அதிகம் பிழை விடுவதும். "காலஞ்சென்ற முருகேசு தெய்வானை தம்பதிகளின்" என்று எழுதிக் கொடுத்தால் உயிரோடிருக்கும் கிழவியைப் பேப்பரில் சாகடித்தாயிற்று. அடுத்த நாள் திருத்தம் போட்டாலும் அந்தப் பேச்சு ஊரில் அடங்காது.

பிள்ளைகள் வரிசையிலும் அதே கவனம் வேண்டும். "காலஞ்சென்ற சிவகுமார்" இரண்டாவதாக நிற்கிறார். முதலாவதாக இருந்திருந்தால் சிக்கல் இன்னும் கூடும். "காலஞ்சென்ற சிவகுமார், சிவராணி, சிவநேசன்" என்று எழுதினால் அந்தச் சொல் எதுவரை ஓடுகிறது என்று வாசிப்பவர் தடுமாறுவார். இதற்குப் பழகிய கைகள் வைத்திருக்கும் தந்திரம், உயிரோடிருப்பவர்களின் பெயருக்குப் பின்னால் நாட்டையோ தொழிலையோ அடைப்பில் போட்டுவிடுவது. கனடாவில் இருப்பவர் இருக்கிறார். ஆசிரியையாக இருப்பவர் இருக்கிறார். பெருமைக்காகப் போட்டது என்று நாம் சிரிக்கும் "(கனடா)" உண்மையில் இலக்கண வேலையும் பார்க்கிறது. சகோதரர் வரிசையில் என் கட்டுமானத்தில் அந்தத் தடை இல்லை. செல்லத்துரைக்கு முன்னால் "காலஞ்சென்ற", பிறகு வெறும் அன்னம்மா. அன்னம்மா இருக்கிறாரா இல்லையா? தெரியவில்லை. அவர் இருக்கிறார் என்றால் அவரை முன்னால் போட்டுச் செல்லத்துரையைப் பின்னால் வைத்திருக்க வேண்டும், அல்லது தெய்வானைக்குச் செய்ததுபோல ஒரு "மற்றும்" போட்டிருக்க வேண்டும். இப்படிப்பட்ட ஓட்டை நல்ல அறிவித்தல்களிலும் ஒன்றாவது இருக்கும் என்பதால் வேண்டுமென்றே விட்டுவைத்தேன்.

பிள்ளைகளின் வரிசையும் மருமக்களின் வரிசையும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்த வேண்டும். யார் யாரைக் கட்டியவர் என்று எங்கேயும் சொல்வதில்லை. வரிசைதான் சொல்கிறது. சிவராணிக்குத் தில்லைநாதன். இருவருக்கும் "(கனடா)" என்றிருப்பதால் சந்தேகமில்லை. சிவகுமாருக்கு நேரே யாருமில்லை, கலியாணத்துக்கு முன்னமே போய்விட்டார். சிவநேசனுக்குக் காந்திமதி, சிவமலருக்கு ஜெயசீலன். நாலு பிள்ளைகள், மூன்று மருமக்கள். எண்ணிப் பார்க்கும் கண்ணுக்கு ஒரு குடும்பத்தின் கதை விளங்கும். எண்ணாத கண்ணுக்கு அது பெயர்ப் பட்டியல். குடும்பத்தோடு பேச்சில்லாத மருமகன், பிரிந்து வாழும் மருமகள் ஆகியோரை எழுதுவதா விடுவதா என்ற சண்டை செத்தவீட்டு விறாந்தையில் நடப்பதும் இந்த வரிசையால்தான். விட்டால் ஊர் கண்டுபிடித்துவிடும். போட்டால் அவர் வரவேண்டும். என் எண்ணத்தில், பேரப்பிள்ளைகளுக்குத் தகப்பனாகவோ தாயாகவோ இருப்பவரை விடக்கூடாது. பகையை அச்சில் ஏற்றினால் அது கட்டையோடு எரியாது.

சிவநேசனுக்கு அடைப்பில் ஒன்றுமில்லை. "காலஞ்சென்ற" என்பதும் இல்லை. மற்ற இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு நாடும் ஒரு தொழிலும் இருக்க, இவருக்கு மட்டும் வெறும் பெயர். வேலையில்லாமல் வீட்டோடு இருக்கிறார் என்று நினைக்கலாம். 2009இல் வன்னியில் காணாமற்போனவர் என்று ஊருக்குத் தெரியும். சில குடும்பங்கள் "(காணாமல் ஆக்கப்பட்டவர்)" என்று எழுதும். சில எழுதாது. இறந்தவர் என்று எழுதக் கை வராது. இருக்கிறார் என்று எழுத நாட்டின் பெயர் இல்லை. அரசாங்கமே 2016இல் சட்டத்தைத் திருத்தி, இறந்தார் என்றும் சொல்லாமல் இருக்கிறார் என்றும் சொல்லாமல், ஆள் காணப்படவில்லை என்பதை மட்டும் பதிவு செய்யும் சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவர வேண்டியிருந்தது. மரண அறிவித்தல் எழுதியவர்கள் அதற்கு முன்பே அந்த நிலைக்கு ஒரு வடிவம் கண்டுபிடித்திருந்தார்கள்: எதையும் சேர்க்காமல் பெயரை அதன் இடத்தில் விடுவது. பக்கத்தில் காந்திமதியின் பெயர் மருமகளாக இருக்கிறது. விதவை என்று அவரையும் யாரும் எழுதவில்லை.

இவ்வளவு பேரையும் தாங்குவது "உம்" என்ற ஒற்றை இடைச்சொல். மகளும், மருமகளும், மனைவியும், தாயாரும், மாமியாரும், சகோதரியும், பேர்த்தியும். ஏழு உறவையும் ஒரே வாக்கியத்தில் கட்டி, கடைசியில் "ஆவார்" என்று நிகழ்காலமும் எதிர்காலமும் கலந்த வினையில் முடிக்கிறார்கள். காலமானார் என்று மேலே முடித்தாயிற்று. ஆனால் உறவுகள் "ஆக இருந்தார்" என்று முடிவதில்லை. இதை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள். ஆனாலும் இந்த வாக்கியத்தை உடைத்து, "அவருக்கு நான்கு பிள்ளைகள். மூன்று பேரப்பிள்ளைகள்" என்று துண்டு துண்டாக எழுதிய நவீன அறிவித்தல்களைப் பார்த்தால் எனக்கு ஏதோ கழன்று விழுந்ததுபோல இருக்கும்.

நீளத்தைப் பற்றிக் கேட்டால், இந்த உறவுகள் முடியும் இடத்தில் அறிவித்தலும் முடிய வேண்டும் என்பதே என் பதில். புகழுக்கு இங்கே இடமில்லை. நாகம்மா தோட்டம் செய்தாரா, கோயிலுக்கு மாலை கட்டினாரா, யாருக்குச் சோறு போட்டார் என்பதெல்லாம் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்துக்கு உரியது. திதி வெண்பாவும் புலம்பலும் வாழ்க்கை வரலாறும் படங்களும் அதில் வரும். எழுத ஒரு மாதம் இருக்கிறது, ஊரிலுள்ள புலவரையோ ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியரையோ பிடிக்கலாம். பேப்பரில் வருவது மறுநாள் காலையில் ஒருவர் பஸ் ஏறுவதற்காக. "அன்பின் உறைவிடமே, பண்பின் பெட்டகமே" என்று தொடங்கும் அறிவித்தலில், பஸ் ஏற வேண்டியவர் நேரத்தைத் தேடிக் கண்டுபிடிக்கச் சிரமப்படுவார்.

உறவுக்கு ஒரு அடைமொழி போதும். அன்பு, பாசமிகு, இவை இரண்டும் தேய்ந்த சொற்கள்தான். தேய்ந்திருப்பதால்தான் அவை பொருத்தம். எல்லாருக்கும் "அன்பு" என்று இருந்து தாய்க்கு மட்டும் "பாசமிகு" என்று மாறும்போது அந்தச் சிறு ஏற்றம் கேட்கும். எல்லா இடத்திலும் "ஆருயிர்", "உயிரினும் மேலான" என்று போட்டால் எதுவும் கேட்காது. படத்துக்கு மேலே பிறந்த நாளையும் இறந்த நாளையும் குறிக்கும் சோடிச் சொற்களுக்கும் இது பொருந்தும். "தோற்றம் – மறைவு" நன்று. "அன்னை மடியில் – ஆண்டவன் அடியில்" எதுகைக்காக வந்தது. முதல்முறை கேட்டபோது நன்றாக இருந்திருக்கும்.

"காலமானார்" என்பது எல்லாருக்கும் பொருந்தும் வினை. சைவக் குடும்பம் சிவபதமடைந்தார் என்று போடலாம். கிறிஸ்தவக் குடும்பம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று போடும். தமிழ்நாட்டில் பகுத்தறிவு வழியில் வந்தவர்களின் வீட்டில் இயற்கை எய்தினார் என்பார்கள். இறந்தவர் எதை நம்பினாரோ அதைப் போட வேண்டும். எழுதுகிறவர் நம்புவதை அல்ல. வாழ்நாள் முழுக்கக் கோயில் வாசல் மிதிக்காதவரைப் பிள்ளைகள் இறைவனடி சேர்த்துவிடும்போது அவருடைய நண்பர்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சிரிப்பதைக் கண்டிருக்கிறேன். எதனால் இறந்தார் என்பது இந்த வடிவத்தில் இல்லை. இளவயதில், விபத்தில் என்றால் மட்டும் "அகால மரணமடைந்தார்" என்று ஒரு சொல் மாறும். அதற்குமேல் யாருக்கும் உரிமையில்லை.

புதன்கிழமை இறந்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை கிரியை. நடுவில் மூன்று நாள். ஏன் என்று எழுதவில்லை; "(கனடா)" என்று மேலே இருக்கிறதே. மூத்த மகள் வந்து சேர வேண்டும். வெளிநாட்டில் பிள்ளைகள் இல்லாத வீட்டில் அடுத்த நாளே எடுத்துவிடுவார்கள். அப்போது அறிவித்தல் காலைப் பேப்பரில் வந்தாக வேண்டும், தவறினால் பயனில்லை. அந்த அவசரத்துக்குத்தான் இலங்கை வானொலியின் மரண அறிவித்தல் நேரம் இருந்தது. வானொலியில் அடைப்புக்குறி கேட்காது. "பொன்னக்கா என்று அழைக்கப்படும்" என்று விரித்து வாசிக்க வேண்டும். கணவனின் தொழிலும் அப்படியே. காதுக்கு எழுதுவதும் கண்ணுக்கு எழுதுவதும் வேறு என்பதை அறிந்த குடும்பங்கள் இரண்டுக்கும் இரண்டு தாள் எழுதிக் கொடுத்தன.

"இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்" என்ற வரியைப் பலர் வெறும் சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் சாவை ஆள் வைத்து வீடு வீடாகச் சொல்லியனுப்புவார்கள். சொல்லாத வீடு வராது. "எனக்குச் சொல்லேல்லை" என்பது தலைமுறைக் கோபமாக வளரும். பேப்பர் வந்தபின் எல்லாருக்கும் ஆளனுப்ப முடியாது. ஆகவே, இதையே உங்கள் வீட்டுக்கு வந்து நேரில் சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறார்கள். அறிவித்தல் முழுவதிலும் வாசிப்பவரை நேரே பார்த்துப் பேசும் வரி இது ஒன்றுதான். இடம் போதாதென்று இதை வெட்டுவது எனக்குச் சம்மதமில்லை. வெட்ட வேண்டுமென்றால் முதலில் அடைமொழிகளை வெட்டலாம். பிறகு பேரப்பிள்ளைகளின் பெயர்களை எடுத்துவிட்டு "மூவரின் பேர்த்தியும்" என்று போடலாம். அவர்கள் வீட்டிலேயே இருப்பவர்கள், பேப்பரில் தங்களைத் தேட வேண்டியதில்லை. அதன்பிறகு படத்தைச் சிறிதாக்கலாம்.

கடைசி வரியில் தகவல் தருபவர் ஜெயசீலன், கடைசி மகளின் கணவர். மகன் இருந்தால் மகன் பெயர் வரும். ஒரு மகன் காலமாகிவிட்டார், இன்னொருவரின் பெயரை அங்கே போட முடியாது, மூத்த மருமகன் விமானத்தில் இருக்கிறார். "குடும்பத்தினர்" என்று பொதுவாகப் போட்டிருக்கலாம். ஆனால் ஒருவருடைய பெயரும், நான் இங்கே எழுதாமல் விட்ட தொலைபேசி இலக்கமும் இருந்தால்தான், வீடு எந்த ஒழுங்கையில் என்று கேட்கப் பலாலிக் கிழவியின் பேரன் ஞாயிறு காலையில் யாரையாவது கூப்பிட முடியும்.